மேசைக்கணினியா, மடிக்கணினியா? கல்லூரி மாணவருக்கான நான்காண்டுக் கணக்கு

கல்லூரிச் சேர்க்கை முடிந்து கல்விக் கடன் விண்ணப்பங்கள் கிளைகளுக்கு வரத் தொடங்கும் மாதங்களில், கட்டண விவரத்தோடு கணினிக் கடை ஒன்றின் விலைப்புள்ளியும் இணைந்திருப்பதை நாம் வழக்கமாகக் காண்கிறோம். அவ்விலைப்புள்ளியைப் பற்றிப் பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால், அது கடைக்காரர் எழுதிக் கொடுத்தது, அதற்குமேல் ஆராயவில்லை என்பது தெரிந்துவிடும். கல்லூரிக் கட்டணத்தை நாம் மாற்ற முடியாது. கணினிக்கான செலவோ முழுவதும் நம் முடிவுக்கு உட்பட்டது. அம்முடிவு தவறினால் மூன்றாம் ஆண்டில் இரண்டாவது கணினி வாங்க நேரிடும். அதற்குரிய பணம் பெரும்பாலான குடும்பங்களில் இருப்பதில்லை.

இக்கட்டுரையில் ஒரு குடும்பத்தின் நிலையை முன்வைத்து இந்த முடிவை எவ்வாறு எடுப்பது என்று பார்ப்போம். வட கர்நாடகத்தின் சிறு ஊர் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. மகள் கட்டடப் பொறியியல் பட்டப்படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்கிறார். நான்காண்டுப் படிப்பு. வீட்டிலிருந்தே நாள்தோறும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் சென்று வருவார். தம்பி பத்தாம் வகுப்பில் படிக்கிறான். மாலையில் அன்றாடம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மின்சாரம் இருப்பதில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கணினிக்கென ஒதுக்கக்கூடிய தொகை ரூ.55,000. பிள்ளைகள் இருவரும் பயன்படுத்தலாம், பின்னர் மேம்படுத்தவும் செய்யலாம் என்பதால் மேசைக்கணினியே தக்கது என்பது தந்தையின் கருத்து. மகள் மடிக்கணினி வேண்டும் என்கிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மின்தடை: உண்மையான கணக்கு

மேசைக்கணினிக்குத் தன் சொந்த மின்சேமிப்பு கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் அதுவும் நின்றுவிடும். சேமிக்காத வரைபடமும் கட்டுரையும் அத்துடன் போகும். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தாமே ஒரு படியைச் சேமித்துக்கொண்டாலும், இடையில் செய்த வேலை இழப்புதான். எனவே மேசைக்கணினி வாங்குவோர் யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்தே வாங்கவேண்டும். ஆனால் அந்த யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் பலருக்கும் ஏமாற்றம் ஏற்படுகிறது.

வீடுகளுக்கு வழக்கமாக விற்கப்படும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸினுள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. தனியான கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மேசைக்கணினியும் அதன் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 90 வாட் இழுப்பதாகக் கொள்வோம். தாளில் வகுத்துப் பார்த்தால் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் கிடைக்கவேண்டும். நடைமுறையில் கிடைப்பதோ இருபது நிமிடங்கள் அளவே. ஈய அமில பேட்டரியை விரைவாகக் காலிசெய்தால் அது தன் முழுக் கொள்ளளவைத் தராது என்பது முதற் காரணம். பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது என்பது இரண்டாவது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்த பேட்டரி தளர்ந்து, ஐந்து நிமிடம்கூடத் தாங்காத நிலையும் வரும். ஆகவே யு.பி.எஸ். என்பது வேலையைச் சேமித்துக் கணினியை முறைப்படி நிறுத்துவதற்கான அவகாசம். இரண்டு மணி நேர மின்தடையில் தொடர்ந்து படிப்பதற்கு அது உதவாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் மேசைக்கணினியை இணைக்கலாமே என்று தந்தை கேட்டார். இணைக்கலாம். ஆனால் இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். 

முதலாவது, மாறும் நேரம். மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு சிறு இடைவெளி ஆகிறது. கணினியின் மின்வழங்கி அத்தகைய இடைவெளியை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே தாங்கும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் ‘யு.பி.எஸ்.’, ‘ஈகோ’ என இரு நிலைகள் கொண்ட பொத்தான் இருக்கும். ஈகோ நிலையில் மாறும் நேரம் அதிகம் என்பதால் விளக்கு ஒருமுறை சிமிட்டும், கணினி மறுதொடக்கமாகிவிடும். யு.பி.எஸ். நிலையில் வைத்தால் மாற்றம் விரைவாக நிகழும். ஆனால் அந்நிலையில் இன்வெர்ட்டர் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் குறைந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்கு மாறிவிடும். மின்னழுத்தம் அடிக்கடி தாழும் ஊர்களில், மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். மாலையில் உண்மையான மின்தடை வரும்போது அதில் போதிய மின்சாரம் இராது. நாம் குறிப்பிடும் குடும்பத்தின் ஊரில் மாலை நேர மின்னழுத்தம் தாழ்வதே வழக்கம். எனவே அவர்கள் இன்வெர்ட்டரை ஈகோ நிலையிலேயே விட்டு, கணினிக்குத் தனி யு.பி.எஸ். ஒன்றை இடையில் வைக்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது, சுமை. அவர்களிடம் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. கணக்குப்படி 1,800 வாட்-மணி. பேட்டரியை முற்றிலும் காலியாக்காமல், மாற்ற இழப்பையும் கழித்தால் ஏறத்தாழ 1,000 வாட்-மணி கைக்குக் கிடைப்பதாகக் கொள்ளலாம். இரண்டு மின்விசிறியும் மூன்று எல்.இ.டி. விளக்கும் 180 வாட் எனில், ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். மேசைக்கணினியின் 90 வாட்டைச் சேர்த்தால் அது நான்கு மணிக்கும் குறைவாகும். இரண்டு மணி நேர மின்தடைக்கு அதுவும் போதும். மழைக்காலத்தில் நீண்ட நேரம் மின்சாரம் நின்றால் போதாது.

மடிக்கணினியில் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை. அதனுள் 40 முதல் 50 வாட்-மணி பேட்டரி இருக்கிறது. எண்ணிக்கையில் அது யு.பி.எஸ். பேட்டரியைவிடச் சிறியதே. ஆயினும் படிக்கவும் தட்டெழுதவும் மடிக்கணினிக்கு 10 முதல் 15 வாட்டே தேவை என்பதால் மூன்று மணி நேரம் ஓடுகிறது. வரைபட மென்பொருளில் வேலை செய்தால் அது ஒன்றரை, இரண்டு மணி நேரமாகக் குறையும்.

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் வீட்டு இணைய ரூட்டரும் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இணையம் இராது. ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்புள்ள மின்செருகியில் மாற்றுவதோ, அதற்கென விற்கப்படும் சிறு பேட்டரிப் பெட்டியை வாங்குவதோ இதற்குத் தீர்வு.

மேம்படுத்தும் வாய்ப்பு: எது உண்மை, எது விளம்பரம்

பின்னாளில் மேம்படுத்தலாம் என்பதே மேசைக்கணினிக்குச் சொல்லப்படும் முதற்பெருமை. அது பெருமளவு உண்மை. ரேம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டலாம். சேமிப்பகம் நிறைந்தால் இன்னொன்றைச் சேர்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு பொருத்தலாம். திரையோ விசைப்பலகையோ பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் ஒரு விசை பழுதானாலும் பல மாதிரிகளில் விசைப்பலகை முழுவதையும் மாற்றவேண்டிவரும்.

ஆனால் மேசைக்கணினிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. திரையோடு இணைந்து ஒற்றைப் பொருளாக வரும் ஆல்-இன்-ஒன் வகையும், கையடக்கமான மினி வகையும், மேம்படுத்தும் வகையில் மடிக்கணினிக்கு ஒப்பானவையே. பெருநிறுவனங்களின் ஒல்லியான பெட்டிகளில் மின்வழங்கி அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் இருப்பதால், பிற்காலத்தில் பெரிய கிராபிக்ஸ் கார்டு சேர்க்க இயலாது போகலாம். மேம்படுத்தவேண்டும் என்பதற்காகவே மேசைக்கணினியைத் தேர்ந்தெடுப்பவர், வழக்கமான அளவுள்ள கோபுரப் பெட்டியைத்தான் வாங்கவேண்டும்.

மடிக்கணினியில் செயலி மூலப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. சேமிப்பகத்தைப் பெரும்பாலும் மாற்றலாம். ரேம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். சிலவற்றில் முழுவதும் பற்றவைத்தது, சிலவற்றில் ஒரு பகுதி பற்றவைத்தது, ஓர் இடம் காலி. நான்காண்டுப் படிப்புக்கு வாங்குவோர் இந்த ஒரு வேறுபாட்டையேனும் அறிந்திருக்கவேண்டும். ஆட்டோகேட் மென்பொருளுக்குக் குறைந்த அளவாகக் கூறப்படுவதே 8 ஜி.பி. ரேம். முதலாண்டில் 8 ஜி.பி. போதும். பின்னைய ஆண்டுகளில் கட்டட மாதிரியையும் உலாவியையும் ஒருங்கே திறந்து வைக்கும்போது அது திணறும். அப்போது காலியிடம் இருந்தால் ஒரு ரேம் பலகையின் செலவோடு முடிந்துவிடும். இல்லையேல் புதிய கணினிதான்.

இதைக் கடையிலேயே அறிய ஒரு வழி உண்டு. காட்சிக்கு வைத்த கணினியில் Ctrl + Shift + Esc விசைகளை ஒருசேர அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Performance பகுதியில் Memory என்பதைத் தொட்டால், கீழே Slots used என்ற வரி தெரியும். 1 of 2 என்றிருந்தால் பெரும்பாலும் ஓர் இடம் காலி. அருகில் Form factor என்பதற்கு எதிரே Row of chips என்றிருந்தால் ரேம் பற்றவைத்தது என்று பொருள். விற்பனையாளரின் சொல்லோடு, அந்நிறுவனத்தின் தளத்தில் அதே மாதிரி எண்ணுக்குரிய விவரத்தாளையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

எடுத்துச் செல்லுதல்: நாள்தோறும் தேவையா?

மடிக்கணினி கையோடு செல்லும் என்பது எவரும் அறிந்ததே. அத்தேவை எத்தனை நாள் எழும் என்பதே கேள்வி. விடுதியில் தங்குவோருக்கு விடை எளிது. பொது அறையில் மேசைக்கணினி வைக்க இடமும் பாதுகாப்பும் இராது. விடுமுறையில் ஊருக்குக் கொண்டு செல்லவும் இயலாது. வீட்டிலிருந்து செல்வோர் மட்டுமே இரண்டையும் எடைபோடவேண்டும்.

நாம் கூறும் மாணவியின் துறையில் முதல் இரண்டாண்டுகள் வரைபட வேலை கல்லூரி ஆய்வகத்திலேயே நடக்கிறது. அங்கு மேசைக்கணினிகள் உள்ளன. மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் மென்பொருளைக் கல்வி உரிமத்தில் கட்டணமின்றி வழங்குவதால் வீட்டிலும் அதையே நிறுவிக்கொள்ளலாம். ஆக, அதுவரை ஒரு பென் டிரைவே போதும். மூன்றாம் ஆண்டிலிருந்து நிலை மாறுகிறது. குழுத் திட்டப்பணி, களப்பயிற்சி, வேலைவாய்ப்புத் தேர்வுகள் ஆகியவை வரும்போது கணினி உடன் இருக்கவேண்டியதாகிறது. எனவே எடுத்துச் செல்லும் தேவை அவருக்கு முதல் நாளில் இல்லை. ஆனால் நிச்சயம் வரும்.

எடுத்துச் செல்வதற்கும் ஒரு விலை உண்டு. நெரிசலான பேருந்தில் அழுந்தித் திரை உடையலாம். மடிக்கணினியின் வழக்கமான உத்தரவாதம் தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமே. விழுந்து உடைவதும் நீர் சிந்துவதும் அதில் அடங்கா. அவற்றுக்கெனத் தனியாகப் பணம் செலுத்திப் பாதுகாப்புத் திட்டம் எடுக்கவேண்டும்.

நான்காண்டுக் கணக்கு

இனி விலை. கடைவிலையை மட்டும் ஒப்பிடுவது இங்கு தவறான முடிவைத் தரும். படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவையே ஒப்பிடவேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கானவை. வாசகர்கள் தங்கள் ஊர் விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மேசைக்கணினி:
- கணினிப் பெட்டி, இயங்குதள உரிமத்துடன்: ரூ.32,000
- திரை: ரூ.8,000
- விசைப்பலகை, சுட்டி, கேமரா, வைஃபை இணைப்பி: ரூ.3,000
- யு.பி.எஸ்.: ரூ.3,500
- இடையில் யு.பி.எஸ். பேட்டரி ஒருமுறை: ரூ.1,000
- மூன்றாம் ஆண்டில் கூடுதல் ரேம்: ரூ.2,500
- மின்கட்டணம்: ரூ.3,360
- மொத்தம்: ரூ.53,360

மடிக்கணினி:
- கணினி, இயங்குதள உரிமத்துடன்: ரூ.52,000
- பை, சுட்டி: ரூ.1,500
- விபத்துப் பாதுகாப்புத் திட்டம்: ரூ.3,000
- மூன்றாம் ஆண்டுக்குப்பின் பேட்டரி: ரூ.4,000
- கூடுதல் ரேம்: ரூ.2,500
- மின்கட்டணம்: ரூ.840
- மொத்தம்: ரூ.63,840

மின்கட்டணத்தை நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டோம். மேசைக்கணினிக்கு ஆண்டுக்கு 120 யூனிட், 25 வாட் என எடுத்துக்கொண்ட மடிக்கணினிக்கு 30 யூனிட்.

கடையில் பெட்டியின் விலையையும் மடிக்கணினியின் விலையையும் பார்த்தபோது இருபதாயிரம் ரூபாய் வேறுபாடு தெரிந்தது. முழுக்கணக்கில் அது ரூ.10,480 ஆகச் சுருங்கிவிட்டது. நாற்பத்தெட்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறக்குறைய 218 ரூபாய். அன்றாடம் இரண்டு மணி நேர மின்தடையில் இடையூறின்றிப் படிப்பதற்கும், மூன்றாம் ஆண்டில் இரண்டாவது கணினி வாங்காதிருப்பதற்கும் மாதம் 218 ரூபாய் தரலாமா என்பதே இப்போது அக்குடும்பத்தின் முன்னுள்ள கேள்வி.

அவர்கள் தரலாம் என்றே முடிவெடுத்தனர். ரேமுக்கு ஓரிடம் காலியாக உள்ள மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தனர். முதல் நாளில் ஆன செலவு கணினி, பை, சுட்டி ஆகியவற்றுக்கு ரூ.53,500. பாதுகாப்புத் திட்டத்துக்கான ரூ.3,000 சேர்ந்தபோது ஒதுக்கியதைவிட ரூ.1,500 மிகுந்தது. அதைத் தந்தை அடுத்த மாதச் செலவிலிருந்து சரிக்கட்டினார். தந்தையின் கருத்திலிருந்த நியாயத்தையும் அவர்கள் கைவிடவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு திரையும் விசைப்பலகையும் வாங்கி, எச்.டி.எம்.ஐ. வடம் மூலம் மடிக்கணினியோடு இணைத்துக்கொள்வது என்று திட்டமிட்டனர். பெரிய திரையில் வரைபடம் வரைவது கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. மகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் தம்பியும் பயன்படுத்தலாம்.

இதே கணக்கு வேறொரு குடும்பத்துக்கு வேறு விடை தரும். மின்தடை அரிதாக உள்ள நகரத்தில், வீட்டிலிருந்து வணிகவியல் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு டேலியும் விரிதாளும் கட்டுரைகளுமே வேலை. அவருக்கு மேலும் எளிய மேசைக்கணினி போதும். மிச்சப்படும் தொகை ஓராண்டுத் தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும். அனிமேஷனோ காட்சித் தொடர்பியலோ பயில்வோருக்கு ஆற்றல்மிக்க கிராபிக்ஸ் கார்டு தேவை. அதே திறனை மடிக்கணினியில் பெற விலை வெகுவாக உயரும், வெப்பமும் மிகும். அத்தகையோர் வீட்டில் வசிப்பவரானால் கோபுரப் பெட்டி மேசைக்கணினியே சிக்கனம்.

கடனில் வாங்குவோர் கவனத்துக்கு

படிப்புக்குக் கணினி தேவையெனில் அதன் நியாயமான விலையைக் கல்விக் கடனில் சேர்க்க இடமுண்டு. கடை விலைப்புள்ளி மாணவர் பெயரில் இருக்கவேண்டும். ஆனால் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக விலையைக் கூட்டிக்கொள்ளலாகாது. படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய அவகாசத்திலும் தனிவட்டி சேர்ந்துகொண்டே வரும். ரூ.50,000-க்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு ரூ.5,000. நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடிந்து முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில், அக்கணினிக்கான கடன் ரூ.75,000 ஆகியிருக்கும். கணினியோ அப்போது ஐந்தாண்டுப் பழையது. கையிருப்பு இருப்போர் கணினியைச் சொந்தப் பணத்தில் வாங்கி, கடனைக் கட்டணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நலம். இயலாதோர் படிப்புக் காலத்திலேயே வட்டியை மாதந்தோறும் செலுத்திவரலாம்.

வட்டியில்லாத் தவணை என்று கடைகளில் கூறப்படும் திட்டங்களிலும், செயற்பாட்டுக் கட்டணத்தையும், ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியை இழக்கிறோமா என்பதையும் கேட்டறியவேண்டும். ரொக்க விலைக்கும் தவணைகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாடே அத்திட்டத்தின் உண்மையான வட்டி.

பழைய மடிக்கணினி வாங்குவோர்

தொகை முப்பதாயிரத்துக்குள் இருப்பின், புதுப்பித்த பழைய மடிக்கணினியை நாடுவோர் உண்டு. அவர்கள் இரண்டைச் சோதிக்கவேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டதால், கணினி விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. அடுத்தது பேட்டரியின் நிலை. Command Prompt சாளரத்தில் பின்வரும் கட்டளையைக் கொடுத்தால் அறிக்கை ஒன்று உருவாகும். அது சேமிக்கப்பட்ட இடமும் திரையில் தெரியும்.

```
powercfg /batteryreport
```

அதில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோதுள்ள கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்றுள்ளது. இரண்டாவது எண் முதலாவதில் பாதியளவே இருந்தால், புதிய பேட்டரிக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லவேண்டும். மின்தடையுள்ள ஊரில், பேட்டரி தளர்ந்த மடிக்கணினி மேசைக்கணினியைப் போலவே மின்சாரம் நின்றதும் நின்றுவிடும். அதற்காகக் கூடுதல் விலை தருவதில் பொருளில்லை.

விலைப்புள்ளியோடு கிளைக்கு வருமுன், மேலே கண்ட இரு பட்டியல்களையும் ஒரு தாளில் எழுதி, தங்கள் ஊர் விலைகளை நிரப்பிப் பாருங்கள். மாணவர் எங்கே தங்குவார், மாலையில் மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற இரண்டையும் அத்தாளின் தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டின் விடை தெளிவாக இருந்தால் எதை வாங்குவது என்பதில் பெரிய ஐயம் எஞ்சியிராது.